தேர் வீடியோவில் கேட்ட ஒலிபெருக்கிப் பாட்டுக்குக் கிளெய்ம்: மறுப்பதா, விட்டுவிடுவதா?

தேரடி | 14 மே 2025, இரவு 10:20

எங்கள் ஊர்ச் சித்திரைத் தேரைக் கைபேசியில் பிடித்து யூடியூப்பில் ஏற்றினேன். மூன்று வீடியோக்கள், மூன்றுக்கும் கிளெய்ம்.

முதலாவது 22 நிமிடம் ஓடும் முழுத் தேரோட்டம். மேலவீதி முனையில் மைக் செட்காரர் கட்டியிருந்த குழாய்களில் பக்திப் பாடல் ஓடிக்கொண்டிருந்தது. தேர் அங்கே நின்றபோது ஏறக்குறைய இரண்டு நிமிடம் அந்தப் பாட்டு தெளிவாகக் கேட்கிறது. ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருக்கிறது. வீடியோ ஓடுகிறது, ஆனால் சில நாடுகளில் தெரியாது என்று போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் திறக்கவில்லை. அவர்களுக்காகத்தான் எடுத்ததே.

இரண்டாவது, நிமிர்த்திப் பிடித்து எடுத்த 1 நிமிடம் 18 வினாடித் துண்டு. அதே பாட்டு, அதே நிறுவனம். இது உலகம் முழுக்கத் தடை.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். அதில் ஒலிபெருக்கியே இல்லை. தேருக்கு முன்னால் நாதஸ்வரக்காரர்கள் நின்று தியாகராஜர் கீர்த்தனை வாசிக்கிறார்கள். அதற்கும் யாரோ ஒரு நிறுவனம் "இது எங்கள் ஆல்பம்" என்கிறது.

பொதுத் தெரு, பொதுத் திருவிழா. பாட்டைப் போட்டது நானும் இல்லை. எதைப் படம் பிடித்தாலும் ஏதோ ஒரு குழாயில் ஏதோ ஒரு பாட்டு ஓடத்தான் செய்யும். மூன்றையும் மறுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

சும்மா பார்ப்பவன் | 14 மே 2025, இரவு 10:41

அடுத்த வருடம் தேர் நிலைக்கு வந்த பிறகு போய் எடுங்கள். சத்தமே இருக்காது.

மூன்றாம் வாய்தா | 15 மே 2025, காலை 7:05

தாராளமாக மறுக்கலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957, 52(1) பிரிவின் இசட்-ஏ உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். உண்மையான மதச் சடங்கில் பாடல் ஒலிப்பது உரிமை மீறல் ஆகாது. அரசு நடத்தும் விழாவுக்கும் அப்படியே. கல்யாண ஊர்வலம்கூட மதச் சடங்கில் அடங்கும் என்று விளக்கமே கொடுத்திருக்கிறது. தேரோட்டத்தைவிட வேறு என்ன மதச் சடங்கு வேண்டும்? இந்த உட்பிரிவை எழுதி அனுப்பினால் கிளெய்ம் தானாக விழும்.

நாகர்கோவில் ஸ்டூடியோ | 15 மே 2025, காலை 9:30

எனக்கும் இதே பிரச்சினைதான் சார். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு, தாலி கட்டுவதற்கு ஒரு பாட்டு, கடைசியில் பெண் கிளம்பும்போது ஒரு சோகப் பாட்டு என்று சேர்ப்போம். எல்லாவற்றுக்கும் கிளெய்ம் வருகிறது. பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, சுருதியை அரைக்கட்டை ஏற்றிப் போட்டால் பல நேரம் தப்பிவிடும். நீங்களும் முயன்று பாருங்கள்.

தேரடி | 15 மே 2025, காலை 9:52

ஸ்டூடியோ அண்ணா, நான் பாட்டு எதையும் சேர்க்கவில்லை. தெருவில் ஓடியது தானாகப் பதிவானது. சுருதியை ஏற்றினால் தவிலும் சேர்ந்து ஏறும், தேரடிக் கிழவிகள் எல்லாம் குழந்தைக் குரலில் குலவையிடுவார்கள்.

மூன்றாம் வாய்தா சார், நன்றி. இன்றிரவு எழுதி அனுப்பப்போகிறேன்.

ஒலிச்சாவி | 15 மே 2025, மதியம் 1:15

அனுப்பாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஓர் இசை நிறுவனத்தின் டிஜிட்டல் பிரிவில் சில ஆண்டுகள் இந்த வேலையைத்தான் பார்த்தேன். வந்து சேரும் மறுப்புகளைத் திறந்து படித்து, விடுவதா பிடிப்பதா என்று பொத்தானை அழுத்திய மேசையில் உட்கார்ந்திருந்தவன். அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் உங்கள் மூன்று வீடியோக்களும் மூன்று வேறு வழக்குகள். ஒரே பதிலை மூன்றுக்கும் அனுப்பினால், ஜெயிக்க வேண்டியதும் தோற்கும்.

முதலில் வாய்தா சார் சொன்ன உட்பிரிவு. அது பொய் இல்லை. ஆனால் அது காப்பாற்றுவது மைக் செட்காரரையும் கோயில் நிர்வாகத்தையும்தான். சடங்கின்போது அங்கே பாட்டை ஒலிக்கச் செய்வதற்கு அந்த விலக்கு. அதை ஒருவர் பதிவு செய்து, பிரதியாக்கி, வீட்டுக்குப் போய் உலகம் முழுவதற்கும் ஏற்றுவது வேறு செயல். அதைப் பற்றி அந்த உட்பிரிவு பேசவே இல்லை. விழாக் குழுவினர் முறையாக உரிமம் வாங்கியிருந்தாலும் இதே கதைதான். அந்த உரிமம் பந்தலோடு முடிந்துவிடும், உங்கள் சேனலுக்கு வராது.

இரண்டாவது, கிளெய்ம் வேறு, ஸ்டிரைக் வேறு. உங்களுக்கு வந்திருப்பது கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம் போட்ட கிளெய்ம். நிறுவனம் தன் ஒலிப்பதிவுகளை முன்கூட்டியே யூடியூப்பிடம் கொடுத்து வைத்திருக்கும். புதிதாக ஏறுவது எல்லாம் அவற்றோடு ஒப்பிடப்படும். பொருந்தினால் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், தடுக்கலாம், அல்லது பார்வைகளை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கலாம். எந்த நாட்டில் எது என்பதையும் நிறுவனமே முன்கூட்டித் தீர்மானித்திருக்கும். உங்கள் சித்தப்பா வீட்டில் திறக்காததற்குக் காரணம் அதுதான். யாரும் உங்கள் வீடியோவைப் பார்த்துக் கோபப்படவில்லை. இதுவரை எந்த மனிதரும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். கிளெய்மால் சேனலுக்குக் கெட்ட பெயர் ஏறாது. ஸ்டிரைக் அப்படியல்ல, உரிமையாளர் கேட்டு வீடியோவை நீக்கவைக்கும்போது சேனல் மேல் விழும் எச்சரிக்கைக் குறி அது. 90 நாட்களுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

மறுத்த பிறகுதான் மனிதர் வருகிறார். ஏன் பொறுக்கச் சொல்கிறேன் என்று இப்போது புரியும்.

தேரடி | 15 மே 2025, மதியம் 2:40

அப்படியானால் தெருவில் பாட்டு ஓடும்போது படம் பிடிப்பதே குற்றமா? கூட்டத்தின் நடுவே போய்க் குழாயை நிறுத்து என்று சொல்ல முடியுமா? எங்கோ படித்தேன், தற்செயலாகக் கேட்கும் இசைக்கு யூடியூப்பே விலக்கு கொடுத்திருக்கிறதாம். கடையைத் தாண்டிப் போகும்போது உள்ளே ஓடும் பாட்டு காதில் விழுவது போன்றவற்றுக்கு.

ஒலிச்சாவி | 15 மே 2025, மாலை 6:20

நீங்கள் படித்தது 2019 ஆகஸ்ட் அறிவிப்பு. அது ஆட்கள் கையால் போடும் கிளெய்முக்கு மட்டும். சில வினாடிகளே வரும் இசையையோ, தற்செயலாகப் பதிவான இசையையோ கையால் தேடிப் பிடித்து அந்த வீடியோவின் வருமானத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். தடுப்பதை அப்போதும் விலக்கவில்லை. இயந்திரம் தானாகப் பிடிக்கும் கிளெய்முக்கு அந்த விதி பொருந்தாது. உங்களுடையது இயந்திரம் பிடித்தது.

படம் பிடிப்பது குற்றமா என்றால், நீங்களே பார்த்துக்கொள்ள எடுத்தால் சொந்த உபயோகம் என்ற பாதுகாப்பு இருக்கிறது. ஏற்றும்போதுதான் சிக்கல். பின்னணியில் தற்செயலாக வந்துவிட்டது என்ற வாதத்துக்கு நம் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது ஓவியம், சிற்பம், கட்டடம் போன்ற கலைப் படைப்புகளுக்கு மட்டும். 52(1) பிரிவின் யு உட்பிரிவு. ஒரு சுவரோவியம் உங்கள் படத்தின் பின்னணியில் தெரிந்தால் கேள்வி இல்லை. அதே சுவருக்குப் பின்னால் ஒரு பாட்டு கேட்டால் அந்த உட்பிரிவு உதவாது. ஏன் இசையை விட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெம்பிளி வாசகி | 16 மே 2025, அதிகாலை 3:10

நான் இலண்டனில் இருக்கிறேன். இங்கே சட்டம் வேறு மாதிரி. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, தற்செயலாக உள்ளே வந்துவிட்ட படைப்பால் உரிமை மீறல் இல்லை என்கிறது, ஒலிப்பதிவையும் சேர்த்துத்தான். ஆனால் இசையை வேண்டுமென்றே சேர்த்தால் அது தற்செயல் ஆகாது என்று அதே பிரிவில் ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

போன கோடையில் எங்கள் கோயில் தேர் வீதி வலம் வந்தபோது, தண்ணீர்ப் பந்தலில் வைத்திருந்த பெட்டியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. பிள்ளைகள் காவடி எடுத்து வருவதைத்தான் நான் எடுத்தேன். கிளெய்ம் வந்தது. 31ஆம் பிரிவைக் காட்டி மறுத்தேன். நிராகரித்தார்கள். மேல்முறையீடு செய்தேன், விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் எனக்கு ஒழுங்காக நித்திரை இல்லை. மேல்முறையீட்டில் தோற்றால் ஸ்டிரைக் என்று அங்கேயே எழுதியிருந்தது.

தேரடி அண்ணா, நீங்கள் இந்தியாவில் இருந்து ஏற்றுகிறீர்கள், எங்கள் பிரிவு உங்களுக்கு உதவுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மூன்றாம் வாய்தா | 16 மே 2025, காலை 8:00

சடங்கு உட்பிரிவு ஏற்றுவது வரை நீளாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் வாசித்திருக்கவில்லை. ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. 2012இல் டில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் ஒரு திரைப்பட நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், எடுத்தது மிக அற்பமான அளவு என்றால் அதைச் சட்டம் பெரிதுபடுத்தாது என்ற வாதத்தை ஏற்றது. பாடகி ஒருவர் பேட்டியில் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே சில பாடல்களின் ஓரிரு வரிகளைப் பாடியிருந்தார். அது மீறல் ஆகாது என்றார்கள். நம் தேரடிக்கும் இதே வாதம் பொருந்தும்.

ஒலிச்சாவி | 16 மே 2025, காலை 10:35

வழக்கு சரி, பொருத்தம்தான் இடிக்கிறது. அங்கே பாடகி தன் குரலில் ஓரிரு வரி பாடினார். இங்கே விற்பனையில் இருக்கும் ஒலிப்பதிவே இரண்டு நிமிடம் ஓடுகிறது. அற்பம் என்று நீதிபதி சொல்வாரா? ஐந்து வினாடி என்றால் நானே உங்கள் பக்கம் நிற்பேன். எது எப்படி இருந்தாலும், ஒரு தேர் வீடியோவுக்காக யாரும் டில்லி வரை போகப்போவதில்லை. மறுப்பைப் படிக்கும் பையனுக்கு அன்றைக்கு நூற்றுக்கணக்கில் இன்னும் பாக்கி இருக்கும். தீர்ப்பு மேற்கோளைவிட அவனுக்கு உதவுவது ஒன்றே ஒன்று: பொருத்தம் தவறு என்று ஒரு நிமிடத்தில் காட்டுவது.

அதனால் நாதஸ்வர வீடியோவை மட்டும் மறுங்கள். அது உங்கள் பலமான வழக்கு. தியாகராஜர் 1847இல் மறைந்தார், கீர்த்தனைக்கு இன்று யாரும் சொந்தக்காரர் இல்லை. ஒரு நிறுவனம் உரிமை கோரக்கூடியது தன் கலைஞர் வாசித்த அந்த ஒரு பதிவுக்குத்தான். உங்கள் வீடியோவில் இருப்பது உங்கள் ஊர்க்காரரின் வாசிப்பு. அதே ராகம், அதே கீர்த்தனை, ஒத்த காலப்பிரமாணம் என்று இருந்தால் இயந்திரம் சில நேரம் ஏமாறும். மங்கள இசை ஆல்பங்களில் இது சகஜம்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் வாசித்தது முழுக்கக் கீர்த்தனைதானா? தேர் திரும்பியதும் கூட்டம் கேட்டது என்று நடுவில் சினிமாப் பாட்டுக்குத் தாவும் வழக்கம் உண்டு. அது மெட்டின் மீதான உரிமை. யார் வாசித்தாலும் அந்த உரிமை போகாது.

தேரடி | 16 மே 2025, இரவு 9:15

முழு வீடியோவையும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஏழு நிமிடமும் கீர்த்தனைதான். கிளெய்ம் பக்கத்தில் எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை பொருந்துகிறது என்று காட்டுகிறது, அவர்களுடைய பதிவையும் தேடிப் பிடித்து அந்தப் பகுதியை அருகருகே போட்டுக் கேட்டேன். அவர்களுடையதில் ஜால்ரா சீராக விழுகிறது, பின்னால் சுருதிப் பெட்டி. எங்களுடையதில் நடுவில் யாரோ "கட்டை போடு, கட்டை போடு" என்று கத்துகிறார்.

இப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்:

"இது 2025 மே மாதம் எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் என் கைபேசியில் நான் பதிவு செய்த நேரடி வாசிப்பு. கலைஞர்கள் வாசிப்பது 0:40இல் இருந்து திரையில் தெரிகிறது. கீர்த்தனை தியாகராஜருடையது, அவர் 1847இல் மறைந்தவர். உங்கள் ஒலிப்பதிவின் எந்தப் பகுதியும் இதில் பயன்படுத்தப்படவில்லை. 2:12இல் உங்கள் பதிவில் ஜால்ரா தொடர்கிறது. என் வீடியோவில் அதே இடத்தில் தவில் மட்டும் ஒலிக்கிறது."

ஒலிச்சாவி | 16 மே 2025, இரவு 9:50

கச்சிதம். அந்த 2:12 வரி போதும். அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பதில் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் தானே காலாவதியாகும். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யுங்கள், அதற்கு அவர்களுக்கு 7 நாள்தான். அதிலும் அவர்கள் பிடிவாதமாக நீக்கக் கோரிக்கை போட்டால் வீடியோ போய் ஸ்டிரைக் விழும், பிறகு எதிர் அறிவிப்பு, வக்கீல் என்று நீளும். இந்த வீடியோவில் அதுவரை போகத் துணியலாம். ஒலிபெருக்கி வீடியோவில் முதல் படிக்குக்கூட வேண்டாம்.

வாசித்தவர்களிடம் வீடியோ போடுவதைச் சொல்லிவிட்டீர்களா? அவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் மறப்பது அதைத்தான்.

தேரடி | 17 மே 2025, காலை 6:45

சொல்லியிருக்கிறேன். பெரிய வித்வான் கேட்டது ஒன்றே ஒன்று, பெயரைப் பெரிதாகப் போடு என்று. போட்டுவிட்டேன்.

நாகர்கோவில் ஸ்டூடியோ | 17 மே 2025, காலை 11:20

எல்லோரும் தேரையே இழுக்கிறீர்கள், என் கேள்வி நிற்கிறது. சுருதி மாற்றுவது தப்பா? எனக்கு மூன்று வருடமாக ஓடுகிறதே.

ஒலிச்சாவி | 17 மே 2025, மதியம் 12:05

ஸ்டூடியோ சார், உங்களுடையது வேறு விஷயம். நீங்கள் பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒட்டுகிறீர்கள். அதற்குத் தற்செயல் என்ற பேச்சே எடுபடாது. வாடிக்கையாளருக்குப் பென் டிரைவில் கொடுப்பதோடு நில்லாமல் சேனலில் விளம்பரத்துக்காக ஏற்றினால், உரிமம் உள்ள இசையைத்தான் போட வேண்டும்.

சுருதி வித்தை இன்று தப்பினால் நாளைக்கும் தப்பும் என்று இல்லை. நிறுவனங்கள் மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள், பழைய வீடியோக்களும் அவற்றோடு திரும்ப ஒப்பிடப்படும். மூன்று வருடம் கழித்து ஒரே வாரத்தில் மொத்தமாகக் கிளெய்ம் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆள் கண்ணில் பட்டால் இன்னும் மோசம். வேண்டுமென்றே ஏமாற்றியது தெரிந்துவிடுவதால், கிளெய்மோடு நிற்காமல் நேராக நீக்கக் கோரிக்கை போடுவார்கள்.

நாகர்கோவில் ஸ்டூடியோ | 17 மே 2025, மதியம் 12:30

பயமுறுத்தாதீர்கள் சார். ஆடி மாதம் வரப்போகிறது, உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றுகிறேன்.

சும்மா பார்ப்பவன் | 17 மே 2025, இரவு 8:00

எங்கள் பேரூராட்சியில் சாக்கடை வேலையைப் படம் எடுக்கப் போனால் ஒப்பந்தக்காரர் டிராக்டரில் பாட்டைச் சத்தமாக வைக்கிறார். இப்போதுதான் காரணம் புரிகிறது.

வெம்பிளி வாசகி | 17 மே 2025, இரவு 10:25

சிரிக்காதீர்கள், அமெரிக்காவில் உண்மையாகவே நடந்தது. 2021இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஷெரிஃப் துறைக்காரர் ஒருவர், தன்னைப் படம் பிடிப்பதைக் கண்டதும் கைபேசியில் பிரபலமான பாட்டை ஓடவிட்டார். யூடியூப்பில் ஏறாது என்பதற்காகத்தான் என்று வாயாலேயே சொன்னார். வீடியோ ஏறியது, உலகமே பார்த்தது.

மூன்றாம் வாய்தா | 18 மே 2025, காலை 7:30

டிராக்டர் வழக்கில் நடப்புச் செய்தியை அறிவிப்பதற்கான நியாயமான பயன்பாடு என்று நம் சட்டத்திலேயே வாதாடலாம், 52(1)(அ). சாக்கடை நடப்புச் செய்திதான். தேரை அப்படிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். செய்திச் சேனல் என்றால் சொல்லலாம். சித்தப்பாவுக்காக எடுத்தது என்று தேரடியே எழுதிவிட்டார்.

தேரடி | 19 மே 2025, இரவு 11:30

ஒலிபெருக்கி வீடியோவை மறுக்கவில்லை. ஆனால் அப்படியே விடவும் மனம் வரவில்லை. எனக்கு விளம்பர வருமானம் ஏதும் இல்லை, அதை அவர்கள் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். ஜெர்மனியில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கிளெய்ம் பக்கத்தில் Erase song என்று ஒன்று இருந்தது. பாட்டை மட்டும் அழித்து மற்றச் சத்தத்தை வைத்துக்கொள்ளுமாம். போட்டேன். முடிய வெகு நேரம் ஆனது. பாட்டு போய்விட்டது, கிளெய்மும் போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் மட்டும் குளத்துக்குள் முங்கிக்கொண்டு தேர் பார்ப்பது போல இருக்கிறது. பேச்சுக்குரல் பரவாயில்லை. நாதஸ்வரத்தைப் பாட்டு என்று நினைத்து அதையும் கடித்துத் தின்றுவிட்டது.

ஒலிச்சாவி | 20 மே 2025, காலை 9:10

எதிர்பார்த்தேன். அந்தக் கருவியை 2024இல் மேம்படுத்தினார்கள். ஒருவர் பேச, பின்னால் பாட்டு ஓடும் வீடியோவில் நன்றாக வேலை செய்யும். பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு இசை ஒலித்தால் இரண்டையும் பிரிக்கத் திணறும். மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டு, கணினியில் நீங்களே செய்யுங்கள். குழாய்ப் பாட்டு கேட்கும் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் படத்தின் சொந்த ஒலியை எடுத்துவிடுங்கள். அதே தேரில் வேறு இடத்தில், பாட்டு கேட்காத வீதியில் பதிவான தவிலையும் கூட்ட இரைச்சலையும் அங்கே வையுங்கள். கண்டிப்பானவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் உங்கள் சித்தப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது.

புதிதாக ஏற்றும்போது யாருக்கும் காட்டாமல் ஏற்றுங்கள். வெளியிடுவதற்கு முன் Checks என்ற கட்டத்தில் பொருத்தம் ஏதும் இருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.

தேரடி | 20 மே 2025, காலை 9:40

அந்தக் குறுந்துண்டு மட்டும் ஏன் உலகம் முழுக்கத் தடை? பாட்டும் அதே, நிறுவனமும் அதே. நீள வீடியோவுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா?

ஒலிச்சாவி | 20 மே 2025, காலை 10:00

அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இது நிறுவனத்தின் கோபம் இல்லை, யூடியூப்பின் விதி. 2024 அக்டோபர் நடுவில் இருந்து, நிமிர்த்தியோ சதுரமாகவோ எடுத்து மூன்று நிமிடம் வரை ஓடும் வீடியோ எல்லாம் ஷார்ட்ஸ் கணக்கில் சேர்கிறது. ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் கிளெய்ம் இருந்தால் வீடியோ ஓடாது. உரிமையாளர் பணம் மட்டும் போதும் என்று வைத்திருந்தாலும் ஓடாது. உங்களுடையது 1 நிமிடம் 18 வினாடி. அந்த 18 வினாடிதான் வினை. முன்னால் தேர் அசையும்வரை ஆட்கள் நிற்கும் பகுதி இருக்கும் அல்லவா, அதை வெட்டி ஒரு நிமிடத்துக்குள் சுருக்கி மறுபடி ஏற்றுங்கள். கிளெய்ம் அப்போதும் வரும், நீள வீடியோவுக்கு இருந்த நாட்டுத் தடைகளும் வரலாம். ஆனால் மொத்தமாக முடங்காது.

தேரடி | 22 மே 2025, இரவு 10:10

55 வினாடி ஆக்கி ஏற்றினேன். கிளெய்ம் வந்தது, வீடியோ ஓடுகிறது. ஊர்க்காரர்கள் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். நீள வீடியோவில் தெற்கு வீதித் தவிலை மேலவீதிக்கு மாற்றி வைத்தேன், Checks கட்டத்தில் ஒன்றும் வரவில்லை. ஜெர்மனியில் திறக்கிறது. சித்தப்பாவுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியவில்லை. சித்திதான் "மேலவீதியில் பாட்டுப் போடவில்லையா இந்த வருடம்?" என்று கேட்டார்.

வெம்பிளி வாசகி | 23 மே 2025, அதிகாலை 2:30

எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. தெருவில் நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் அல்லவா? இருபது வருடம் கழித்து இந்த வீடியோக்களைப் பார்க்கிறவர்கள், அந்தக் காலத்துத் தேரில் ஒலிபெருக்கியே கிடையாது என்று நினைக்கப்போகிறார்கள்.

ஒலிச்சாவி | 23 மே 2025, காலை 11:45

அதற்காகத்தான் மூலக் கோப்பை வைத்திருக்கச் சொல்கிறேன். கிளெய்மோடு இருக்கட்டும் என்று விட்டுவிடுவதும் ஒரு வழிதான். பல நாடுகளில் ஓடும், சில நாடுகளில் ஓடாது.

தேரடி | 4 ஜூன் 2025, காலை 7:20

நாதஸ்வரக் கிளெய்மை விட்டுவிட்டார்கள். 30 நாள் ஆகும் முன்பே. விளக்கம் ஏதும் இல்லை, கிளெய்ம் நீக்கப்பட்டது என்று ஒரு வரி.

மைக் செட்காரரிடமும் பேசினேன். அடுத்த வருடம் தேர் மேலவீதிக்குத் திரும்பும்போது பத்து நிமிடம் பாட்டை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். தனக்கு ஆட்சேபம் இல்லை, உபயதாரர் சம்மதிக்க வேண்டும் என்றார். உபயதாரருக்குப் பாட்டு நின்றால் பிடிக்காது. அவர் பெயரைச் சொல்லும் அறிவிப்பு பாட்டுக்கு நடுவில்தான் வருகிறது.

மூன்றாம் வாய்தா | 4 ஜூன் 2025, காலை 8:15

அந்த அறிவிப்பை மட்டும் தொடர்ந்து பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு எந்த நிறுவனமும் கிளெய்ம் போடாது. உபயதாரருக்கும் மகிழ்ச்சி.

நாகர்கோவில் ஸ்டூடியோ | 4 ஜூன் 2025, மதியம் 3:50

கல்யாண மண்டபத்தில் நேரடியாக வாசிக்கும் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டு வாசித்தால், அதை நான் ஒட்டவில்லை, தானாகப் பதிவானது. அதற்கு என்ன சார் கணக்கு?